ஒரே அக்கவுண்ட்டா, மூணு அக்கவுண்ட்டா?

எங்களுக்கு நிச்சயம் ஆனப்போ இதுக்குத்தான் செம வாக்குவாதம். அவருக்கு 50,000 சம்பளம், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோன் இஎம்ஐ மாசம் 10,000, எனக்கு 30,000, கடன் இல்ல.

ரெண்டு சம்பளமும் ஒரே ஜாயின்ட் அக்கவுண்ட்ல விழுந்தா கணக்கு பாக்க ஈஸி, ஆனா 'ஐதர் ஆர் சர்வைவர்'னு போட்டா யார் வேணா தனியா முழுசையும் எடுக்கலாம், அதோட 5ஆம் தேதி இஎம்ஐ போறது தெரியாம நான் 3ஆம் தேதியே சீட்டுக்கு கட்டிட்டா அது பவுன்ஸ் ஆகி பெனால்டி வரும், அவரோட சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.

மூணு அக்கவுண்ட்னா அவங்கவங்க சம்பளம் அவங்கவங்ககிட்ட, வீட்டுச் செலவுக்கு மட்டும் ஜாயின்ட். எங்க செலவு 28,000. பாதிப்பாதின்னா எனக்கு மிஞ்சுறது வெறும் 16,000, அதனால இஎம்ஐ போக மிச்சமிருக்கற 40,000க்கும் 30,000க்கும் ஏத்த மாதிரி அவர் 16,000, நான் 12,000. என் ஓட்டு இதுக்குத்தான், லோன் முடிஞ்சதும் பங்கை மாத்திக்கணும் அவ்ளோதான்.

எதுவா இருந்தாலும் முதல்ல ரெண்டு பேரும் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து ஒருத்தரோடத இன்னொருத்தர் பாருங்க, வருஷத்துக்கு ஒருதடவ ஃப்ரீ. அவர் மறந்தே போன கிரெடிட் கார்டு ஒண்ணு அதுலதான் வெளிய வந்துச்சு!