ரிலே சுருளுக்குத் தனி டயோடா, ஜீனரும் சேர்ந்ததா?

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தேன். 12 வோல்ட் ரிலே, அது இயக்குவது ஒரு 24 வோல்ட் டிசி வால்வு. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு தொடுமுனையில் குழி, எதிர்முனையில் அதே அளவுக்கு ஒரு மேடு. டிசி தீப்பொறி உலோகத்தை ஒரே திசையில் சுமந்து சென்றதன் தடயம் அது.

ரிலே சுருளின் குறுக்கே 4007 டயோடு இருந்தது. அது இல்லாவிட்டால் மின்சாரம் நிற்கும் நொடியில் சுருள் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பி, அதை இயக்கும் டிரான்சிஸ்டரை அழித்துவிடும். டயோடு அதை 0.7 வோல்ட்டில் அடக்குகிறது. ஆனால் அவ்வளவு குறைந்த எதிர் அழுத்தத்தில் சுருளின் மின்னோட்டம் மெதுவாகவே வடிகிறது. காந்தம் தயங்கித் தயங்கி விடுகிறது. தொடுமுனைகள் மெல்லப் பிரிய, இடைவெளி சிறிதாக இருக்கும் நேரம் நீள்கிறது. தீப்பொறியும் அவ்வளவு நேரம் எரிகிறது. லேசாகப் பற்றவைத்துக்கொண்ட முனைகளைப் பிய்க்கும் வேகமும் கிடைப்பதில்லை.

டயோடுடன் எதிர்த்திசையில் 24 வோல்ட் ஜீனரைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் பல மடங்கு விரைவில் தீரும். அப்போது டிரான்சிஸ்டர் மீது சுமார் 37 வோல்ட் விழும். 45 வோல்ட் தாங்குவது போதும், 30 வோல்ட் வகை எரிந்துவிடும்.

அடிக்கடி இயங்கும் டிசி சுமைக்கு நான் ஜீனரையே போடுவேன். ரிலே சிறு விளக்கை மட்டும் இயக்கினால் அதன் சுருளுக்கு டயோடு மட்டுமே தாராளம். வால்வின் சுருளின் குறுக்கேயும் வேறொரு டயோடு வேண்டும். தொடுமுனையில் தீப்பொறியை ஊட்டுவது அந்தச் சுருளின் ஆற்றல்தான்.