ஆஸிலோஸ்கோப்பின் FFT: சதுர அலையோடு சில வருடங்கள்

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய இரண்டு சேனல் டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப் இது. செந்தூலில் என் ரிப்பேர் மேசையில் தினமும் ஓடுகிறது. நான் அதிகம் தொடுவது, அலையை அதிலுள்ள அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் அதன் FFT பட்டனைத்தான்.

ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் திரையில் 1, 3, 5, 7 கிலோஹெர்ட்ஸில் கூர்முனைகள் எழும். சதுர அலை என்பதே இந்த சைன் அலைகளின் கூட்டல்தான். மூன்றாவதன் உயரம் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு. டெசிபலில் பார்த்தால் மூன்றாவது சுமார் 9.5, ஐந்தாவது 14 கீழே நிற்கும். இதைக் கருவி சரியாகவே காட்டுகிறது.

இப்படி அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் எழுபவைதான் ஹார்மோனிக்குகள். இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் வராததற்குக் காரணம், அலை மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சமமாக இருப்பது. அந்தச் சமநிலை கொஞ்சம் பிசகினாலும் 2 கிலோஹெர்ட்ஸில் முனை முளைக்கும். 555 டைமரை 1K, 10K ரெசிஸ்டர்களோடு வழக்கமான முறையில் கட்டினால் மேல்நேரம் சுமார் 52.4 சதவீதம். அலையைக் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். ஆனால் FFT-யில் இரண்டாவது ஹார்மோனிக் 22 டெசிபல் சொச்சம் கீழே பளிச்சென்று தெரியும். இந்த ஒன்றுக்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும்.

இதைச் சரிசெய்ய 555-ஐ 2 கிலோஹெர்ட்ஸில் ஓட்டி, 4013 ஃபிளிப்ஃபிளாப் வழியாக இரண்டால் வகுக்கலாம். வெளியே வருவது சரிபாதி சதுர அலை. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் அப்படித்தான் கட்டினான். ஆனாலும் 2 கிலோஹெர்ட்ஸில் முனை நின்றது, 24 டெசிபல் கீழே.

“மாமா, சிப் கெட்டுப்போச்சா?” என்றான்.

“சாம்பிள் ரேட் எவ்வளவுன்னு பாருடா” என்றேன்.

வினாடிக்கு 25,000 முறை கருவி அலையை அளந்துகொண்டிருந்தது. அதாவது ஒரு சுற்றுக்கு 25 சாம்பிள். இருபத்தைந்தைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதே! 12 ஒரு பக்கம், 13 மறுபக்கம் விழுகின்றன. கருவியின் கணக்கில் அது 48 சதவீத அலை. வேறு விதமாகச் சொன்னால், சாம்பிள் ரேட்டில் பாதியான 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள 23, 27 போன்ற உண்மையான ஹார்மோனிக்குகள் மடங்கி வந்து 2-இல் உட்கார்ந்துகொள்கின்றன. சதுர அலையின் ஹார்மோனிக்குகள் மெதுவாகத்தான் குறையும் என்பதால் இந்தத் தொல்லை அதற்கு ஜாஸ்தி.

டைம்பேஸைத் திருப்பி சாம்பிள் ரேட்டை 2,50,000 ஆக்கினோம். அந்த முனை காணாமல் போனது. அப்புறம் பழைய 555 சர்க்யூட்டை மாட்டிப் பார்த்தோம், அதன் முனை அசையவே இல்லை. சாம்பிள் ரேட்டை மாற்றியும் அப்படியே நிற்பதுதான் நிஜ ஹார்மோனிக்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, FFT திரையில் சாம்பிள் ரேட் தெரியாது, பார்க்க வேண்டுமானால் சாதாரணத் திரைக்குத் திரும்ப வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே இதைச் சோதித்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்கோப்பின் முன்பக்கத்திலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் புரோப் முனை இருக்கும், அது போதும்.