துவாந்தே குளத்துக்கு எது? துடுப்புச் சக்கரமா, புளோயரா?

ரங்கூன் ஆற்றைக் கடந்து போனால் துவாந்தே. அங்கே மச்சானுக்கு ஒரு ஏக்கரில் ரோகு குளம். ஒன்றரை மீட்டர் ஆழம், 6,000 கன மீட்டர் தண்ணீர், 5 டன் மீன். துடுப்புச் சக்கரம் வாங்குவதா, கரையில் புளோயர் வைத்துக் குழாய் வழியாகக் காற்று விடுவதா என்று கேட்டார். மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாதே.

முதலில் குளத்தின் பசி. ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 0.3 கிராம் ஆக்சிஜன் இழுக்கும். 5 டன்னுக்கு ஒன்றரைக் கிலோ. பச்சைத் தண்ணீரில் உள்ள பாசி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 1.2 கிலோ. சேற்றுக்கு 0.2. ஆக மணிக்கு 3 கிலோ என்று வைத்துக்கொண்டோம். பாசியும் கிட்டத்தட்ட மீன் அளவுக்குக் குடிக்கிறது, கவனியுங்கள்.

அடுத்தது இயந்திரம். நல்ல துடுப்புச் சக்கரம் ஒரு யூனிட் கரண்டுக்கு 2.2 கிலோ ஆக்சிஜன் கரைக்கும் என்பார்கள். அது 20 டிகிரியில், ஆக்சிஜனே இல்லாத சுத்தமான தண்ணீரில் அளந்த கணக்கு. நம் தண்ணீர் 30 டிகிரி, ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. திருத்திப் பார்த்தால் பாதிதான் மிஞ்சுகிறது, 1.15. லேசான பிளாஸ்டிக் சக்கரங்கள் இன்னும் மோசம், சோதனையிலேயே 1.3 என்று எடுத்தால் குளத்தில் 0.7க்கும் கீழே. 3 கிலோவுக்கு 4.4 கிலோவாட், அதாவது 6 குதிரைத்திறன். நல்ல சக்கரமாக இருந்தால் மூன்றரை போதும்.

புளோயருக்குச் சோதனையில் 0.9, குளத்தில் 0.47. எட்டரைக் குதிரைத்திறன் வேண்டும். ஒன்றரை மீட்டரில் குமிழி கரைவதற்குள் மேலே வந்து உடைந்துவிடுகிறது; நாலைந்து மீட்டர் ஆழமென்றால் கதை வேறு. மோட்டார் கரையில் இருப்பதும், தண்ணீருக்குள் ஒயர் போகாததும் அதன் பலம், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போனால் ஜெனரேட்டர்தானே? லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் என்றால், பிளாஸ்டிக் சக்கரத்துக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர், புளோயருக்கு 2.1.

சரி, எப்போது ஓட்டுவது? மச்சான் இருட்டியவுடன் போடப் பார்த்தார். வேண்டாம் என்றேன். வெயில் நாளின் மாலையில் 8 மில்லிகிராம் இருக்கும். 30 டிகிரித் தண்ணீர் தாங்குவது ஏழரைதான். அப்போது சக்கரம் ஓடினால் ஆக்சிஜன் வெளியேதான் போகும். எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்க 30 கிலோ இருப்பு, பத்து மணி நேரம். ஆறு மணிக்கு இருட்டினால் விடிகாலை நாலுக்குத்தான் தேவை. மழைக்கால மூட்டத்தில் மாலையில் 6 தான் என்றால் 18 கிலோ. நள்ளிரவிலேயே போட வேண்டும். அதனால் மாலையில் ஒரு முறை ஆக்சிஜன் மீட்டரில் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியில் 2 குதிரைத்திறன் சக்கரம் மூன்று வாங்கினோம். ஒன்று பழுதானாலும் இரண்டு ஓடும். ஜெனரேட்டரில் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் மோட்டார் கிளம்பும் கரண்டுக்கே அது மூச்சு வாங்கி நின்றுவிடும்.