20 மி.மீ. ஷாஃப்டுக்கு எல்லா இடத்திலும் ±0.005 வேண்டுமா, k6 போதுமா?

தம்பி, நீங்கள் அனுப்பிய வரைபடத்தை இரண்டு நாளாக வைத்துப் பார்த்தேன். தேங்காய் துருவும் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு ஷாஃப்ட். ஒவ்வொன்றும் 240 மி.மீ. நீளம், நடுவில் 25 மி.மீ. விட்டம். இரு பக்கமும் 6204 பெயரிங் உட்கார 20 மி.மீ., அதில் ஒரு பக்கம் புல்லி மாட்ட 18 மி.மீ. வரை இறங்குகிறது. வரைபடத்தின் அடியில், எல்லா அளவுக்கும் ±0.005 மி.மீ. என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் விலையை ஏற்றுகிறது. அப்படியே செய்து தரவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு முன் நான் சொல்லும் வேறு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் வழி. கிராண்ட்பாஸில் எங்கள் பட்டறையில் இருப்பது நல்ல லேத். சாதாரணமாக வெட்டினால் ±0.02 மி.மீ. வரை சிரமமில்லாமல் வரும். ±0.005 என்றால் மேலும் கீழுமாக மொத்தம் நூறில் ஒரு மி.மீ.தான் இடம். 14 மி.மீ. நீளமான ஒரு சின்ன இடத்தில் அதைப் பிடித்துவிடலாம். முழு நீளத்துக்கும் பிடிப்பது வேறு கதை. இரண்டு சென்டருக்கு நடுவில் கம்பியை மாட்டி வெட்டும்போது, டூல் அழுத்துகிற அழுத்தத்தில் நடுப்பகுதி கொஞ்சம் விலகிப் போகும். விலகினால் அங்கே குறைவாக வெட்டும். ஆகவே நடு தடித்து, இரு முனையும் மெலிந்து, பீப்பாய் மாதிரி வரும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில் வைத்தால் தெரியும். அதைத் திருத்த, 0.25 மி.மீ. மிச்சம் விட்டு, கிரைண்டிங் செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. கிராங் ஷாஃப்ட் அரைப்பவரிடம் கொடுத்து வாங்க ஒரு கிழமை போகும்.

அப்புறம் சூடு. எஃகு ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். உலகம் முழுக்க அளவுகள் 20 பாகையில்தான் குறிக்கப்படுகின்றன. கொழும்புப் பட்டறையில் மத்தியானம் 31, 32 பாகை. ஷாஃப்டும் அளவுகோலும் இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஆனால் வெட்டி முடித்த ஷாஃப்ட் அளவுகோலைவிட 10 பாகை கூடச் சூடாக இருந்தால், 240 மி.மீ. நீளம் 0.029 மி.மீ. கூடிக் காட்டும். நீங்கள் விட்ட 0.005-ஐப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. விட்டத்திலோ அதே சூடு 0.002 மி.மீ.க்குச் சற்றுக் கூடத்தான் காட்டும். ஆகவே ஒவ்வொன்றையும் ஆறவிட்டு அளக்க வேண்டும், 0.02 மி.மீ. படிக்கிற வேர்னியரை ஒதுக்கிவிட்டு, ஆயிரத்தில் ஒன்று படிக்கிற மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும். அந்த நேரமும் கணக்கில் வரும். என் கணக்கில் உங்கள் வழிக்கு ஒரு ஷாஃப்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், கிரைண்டிங் கூலி தனி. அளவு தப்பினால் ஒதுக்க இரண்டு கம்பி கூட வாங்க வேண்டும்.

இத்தனை செலவுக்கும் பிறகு பெயரிங் சரியாக உட்காருமா என்பதுதான் எனக்கு முக்கியம். பாருங்கள். உங்கள் அளவில் 19.995 வந்தாலும் அது சரியான ஷாஃப்ட்தான். சாதாரண 6204-ன் உள்வளையம் 19.990 முதல் 20.000 வரை இருக்கலாம். 20.000 வளையம் 19.995 ஷாஃப்டில் விழுந்தால் நடுவில் 0.005 இடைவெளி. உங்கள் இயந்திரத்தில் பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, உள்வளையம் சுழல்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் வளையம் இறுக்கமாக இல்லாவிட்டால், அது ஷாஃப்டின் மேல் மெதுவாக நகரத் தொடங்கும். சில மாதத்தில் கழற்றிப் பார்த்தால் உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்தோ, செம்மண் நிறத்தில் தூள் படிந்தோ இருக்கும். அது கண்டால் காரணம் இதுவே என்று நம்பலாம். இன்னும் துல்லியமாக வெட்டுவதால் இது தீராது, அளவையே கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டும்.

இப்போது என் வழி. பெயரிங் உட்காரும் இரண்டு இடத்துக்கு மட்டும் k6 என்ற அளவுக் குறியைப் போடுங்கள். 20 மி.மீ.க்கு அது 20.002 முதல் 20.015 வரை. இடம் 0.013, உங்களுடையதைவிடச் சற்றுக் கூட, ஆனால் எந்த 6204 போட்டாலும் குறைந்தது 0.002 இறுக்கம் நிச்சயம். எல்லாமே பாதகமாகக் கூடினால் இறுக்கம் 0.025 வரை போகும். அப்போது உள்ளே குண்டுகளுக்கு இடம் குறைந்து, கையால் சுழற்றும்போது கனக்கும். அதற்காக C3 குறி உள்ள பெயரிங்கை வாங்குங்கள், உள்ளே இடம் கூடியது. 18 மி.மீ. புல்லி இடத்துக்கு h8, அதாவது 18-க்குக் கீழே 0.027 வரை. நடுவிலுள்ள 25 மி.மீ.க்கு ISO 2768-m என்ற பொது அளவு விதி போதும், ±0.2. அங்கே எதுவும் உட்காரவில்லை. இரு தோள்களுக்கு நடுவிலான நீளத்துக்கும் ±0.2 போதும். ஒரு பக்கத்துப் பெயரிங்கை மூடியால் பிடித்துவிட்டு, மற்றப் பக்கத்தில் 0.5 மி.மீ. இடம் விட்டால், சூட்டில் நீளுவதற்கும் அது உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கமாட்டேன். இரண்டு பெயரிங் இடமும் ஒரே மையத்தில் சுழல வேண்டும், ஆட்டம் 0.02 மி.மீ.க்குள். இது உங்கள் வரைபடத்தில் இல்லவே இல்லை, ஆனால் சத்தமும் அதிர்வும் இதில்தான் இருக்கிறது. இரு சென்டருக்கு நடுவில் ஒரே மாட்டலில் இரண்டையும் வெட்டினால் பெரும்பாலும் தானாகவே கிடைக்கும். புல்லியைப் பூட்டும் காடியான கீவேயை முதலில் வெட்டிவிட்டுக் கடைசியில்தான் பெயரிங் இடங்களை முடிப்போம், ஏனென்றால் குளிர்ச்சியாக இழுத்து நீட்டிய கம்பியில் ஒரு பக்கம் கீவே வெட்டினால் அது வளைந்துபோகும்.

என் வழிக்கு ஒரு ஷாஃப்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் போல வரும். வெளியே அனுப்பத் தேவையில்லை, மொத்தமும் ஒரே கிழமையில் முடியும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். UCP204 கட்டைப் பெயரிங் போட்டால் 20 மி.மீ. நேர்க் கம்பியை, h9 அளவில் கடையில் வாங்கியபடியே போடலாம். லேத் வேலை பாதியாகும். ஆனால் அது திருகாணியால் ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கிறது, கம்பியில் வடு விழும், நிமிடத்துக்கு 1400 சுற்றில் அதிர்வும் கூடும். தினமும் கழுவுகிற உணவு இயந்திரத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன். மெதுவாக ஓடும் கன்வேயராக இருந்தால் உடனே சரி என்று சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவிலே எண்ணெய் சீல் எங்கேயாவது ஓடுகிறதா? ஓடினால் அந்த இடத்துக்கு விட்டம் h11 வரை தளரலாம், ஆனால் மேற்பரப்பு வழவழவென்று இருக்க வேண்டும். சீல் உதடு கரடான இடத்தில் ஓடினால் கிழிந்துவிடும். அந்த இடத்தை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுங்கள், புல்லியின் துளை அளவையும் எழுதி அனுப்புங்கள். நீங்கள் சரி சொன்னதும் ஒரு ஷாஃப்டை மட்டும் முதலில் வெட்டி, பெயரிங் ஏற்றி, உங்கள் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன். அதைப் பார்த்த பிறகு மற்றப் பதினொன்றையும் தொடங்கலாம்.