மழைச் சத்தத்தில் தொலைக்காட்சி: கைப்பேசி வழியாக இயர்போனில் கேட்ட அனுபவம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்னூரில் தகரக்கூரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி என்பது பெரும்பாலும் ஊமைப்படம்தான். மழை வலுத்தால் ஒலியைக் கூட்டுவோம். மழை நின்ற பிறகு குறைக்க மறப்போம். பொதுச்சுவருக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்காரர் மறுநாள் சிரித்துக்கொண்டே கேட்பார், "நேற்று என்ன படம்?" என்று. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. அம்மாவுக்குக் காது மந்தம்.

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரோக்கு என்ற, இணைய வீடியோக்களைத் தொலைக்காட்சியில் ஓட்டும் சிறு கருவிதான் இதற்கு வழி செய்தது. தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் வகை. அதற்கான செயலியைக் கைப்பேசியில் நிறுவி, ரிமோட் பக்கத்தில் இருக்கும் ஹெட்போன் படத்தைத் தொட்டால் தொலைக்காட்சியின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஒலி வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு வரும். கைப்பேசியில் இயர்போனை மாட்டிக் கேட்கலாம். கருவியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியில் ஓடுவது மட்டும்தான் கைப்பேசிக்கு வரும். டிஷ் பெட்டி தொலைக்காட்சியின் வேறொரு துளையில் இருக்கிறது. அதில் வரும் கிரிக்கெட்டின் ஒலி இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் யூடியூபில் வரும் தமிழ்ச் செய்தி நேரலைகளையும் பழைய படங்களையும் பார்ப்பவர்கள் என்பதால் ஒத்துப்போனது.

இனி, நான் அதிகம் மல்லுக்கட்டிய விஷயத்துக்கு வருகிறேன்: உதடும் ஒலியும் ஒட்டாமல் போவது. காது நன்றாகக் கேட்பவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலே உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். அம்மாவுக்கு முதலில் கம்பியில்லாத புளூடூத் இயர்போனைக் கொடுத்தேன். ஒலி தெளிவாகவே இருந்தது. ஆனால் சிறிது நேரத்தில் கழற்றி வைத்துவிட்டார். "அந்தப் பெண் வாயை மூடிய பிறகு எனக்குக் கேட்கிறது. இதற்குச் சும்மாவே இருந்துவிடலாம்" என்றார்.

சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. செய்தி வாசிப்பவரின் முகம் நேராகத் தெரியும்போது ப, ம வரும் சொற்களைக் கவனியுங்கள். "பருவமழை" என்று சொல்லும்போது தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை உதடுகள் ஒட்டிப் பிரிய வேண்டும். பிரியும் அந்தக் கணத்திலேயே ஒலி காதில் விழுந்தால் சரி. அம்மாவின் இயர்போனில் "ப" கேட்கும்போது வாசிப்பவரின் வாய் "ரு"வுக்குப் போயிருந்தது. இயல்பான பேச்சில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து அசைகள் வரும். எனவே ஒரு அசை பின்தங்கினால் சுமார் 200 மில்லி நொடி தாமதம். சாதாரண புளூடூத் இயர்போன்கள் எடுத்துக்கொள்ளும் தாமதமும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

தாமதம் வைஃபையில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒலி கைப்பேசிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கணித்து, கருவி அந்த அளவுக்குப் படத்தையும் தாமதப்படுத்திக் காட்டுகிறது. கைப்பேசியைத் தாண்டி புளூடூத்தில் கூடுவது எவ்வளவு என்பது இயர்போனுக்கு இயர்போன் மாறும். அதைக் கருவியால் துல்லியமாக அறிய முடியாது. அதற்காகத்தான் செயலியில் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்து ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. அறை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுச் செய்தால் நன்றாக அமைகிறது. இயர்போனை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

ஒத்திசைத்த பின் சில நாள் நிம்மதி. பிறகு மழை இரவுகளில் ஒலி விட்டுவிட்டு வரத் தொடங்கியது. மழை மேல் பழி போட இருந்தேன். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மழை நாளில் வீட்டில் எல்லோரும் கைப்பேசியோடு உள்ளே அடைந்து கிடக்கிறோம், அவ்வளவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், கூடத்தில் சரியாகிவிட்டது. அம்மாவின் அறைக்குப் போனால் வைஃபையே அறுந்தது. எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துக் கருங்கல் கட்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அதில் நுழைய மறுக்கிறது.

கடைசியில் அம்மாவுக்குச் சாதாரணக் கம்பி இயர்போன்தான். கைப்பேசியில் வட்டத் துளை இல்லாததால் டைப்-சி மாற்றி ஒன்று வாங்கினேன். கம்பி என்பதால் புளூடூத்தின் தாமதமும் இல்லை, அலைவரிசைச் சண்டையும் இல்லை, 2.4லேயே விட்டுவிட்டேன். ஆனால் இப்போது நேர்மாறான கோளாறு தலைகாட்டியது. உதடு பிரிவதற்கு முன்பே "ப" கேட்டது!

இதற்குக் காரணம் தொலைக்காட்சிதான். நவீன தொலைக்காட்சிகள் படத்தை வழவழப்பாக்கவும் நிறத்தைக் கூட்டவும் சிறிது நேரம் எடுத்துக்கொண்ட பிறகே திரையில் காட்டுகின்றன. தன் சொந்த ஸ்பீக்கருக்கு அதே அளவு தாமதத்தைத் தானே கொடுத்துவிடும். கைப்பேசிக்குப் போகும் ஒலி அதன் கையில் இல்லை. ஒலி முந்துவதை மனிதர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரையில், ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே தெரியும் என்றும், பிந்துவது 125 மில்லி நொடி வரை தெரியாது என்றும் இருக்கிறது. இடி எப்போதும் மின்னலுக்குப் பிறகுதானே வருகிறது. தொலைக்காட்சியின் பட அமைப்பில் "கேம் மோட்" என்று இருப்பதைப் போட்டதும் இந்த வழவழப்பு வேலைகள் நின்றன, உதடும் ஒலியும் ஒட்டிக்கொண்டன. நிறம் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்த இன்னொன்று, இரவில் இதனால் வரும் ஆபத்து. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலோ, கைப்பேசி செயலியைப் பின்னணியில் மூடிவிட்டாலோ, இணைப்பு அறுந்தவுடன் ஒலி மீண்டும் தொலைக்காட்சியின் ஸ்பீக்கருக்குப் போய்விடும். பகலில் மழைக்காக ஏற்றிவைத்த அளவிலேயே அது இருந்தால், நள்ளிரவில் தெருவே எழுந்துவிடும். எனவே தொடங்குவதற்கு முன் தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டில் ஒலியைக் குறைத்துவிடுகிறோம். கைப்பேசி அமைப்பில் இந்தச் செயலிக்கு மட்டும் மின்கலச் சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவைத்திருக்கிறேன். திரை அணைந்த பிறகும் ஒலி நிற்பதில்லை.

கொடைக்கானலுக்குக் கருவியையும் எடுத்துக்கொண்டு போனோம். விடுதி வைஃபையில் இரண்டும் இணைந்திருந்தும் செயலி கருவியைக் காணவில்லை என்றது. விருந்தினர் வைஃபைகளில் ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அது பாதுகாப்புக்காக, குறை சொல்ல முடியாது. மனைவியின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கருவியையும் அம்மாவின் கைப்பேசியையும் அதில் இணைத்ததும் கேட்டது. யூடியூபில் படத்தின் தரத்தை 480க்கு இறக்கிவைத்தால் டேட்டாவும் தாங்கும்.