‘பால் ஒத்துக்காது’: லாக்டோஸா, அலர்ஜியா?

“எனக்குப் பால் ஒத்துக்காது” என்று இரண்டு பேர் சொன்னால், இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவருக்குத் தொல்லை தருவது பாலில் உள்ள சர்க்கரை. இன்னொருவருக்கு, அதிலுள்ள புரதம்.

சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வயது ஏற ஏற அது பலருக்குக் குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும். விளைவு: வயிற்று உப்புசம், வாயு, வலி, பேதி. படுத்தி எடுக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அளவும் இங்கே முக்கியம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். இந்தக் குறை உள்ளவர்களில் பலர் அந்த அளவைக்கூடப் பெரிய சிரமமின்றித் தாங்குவார்கள்.

அலர்ஜியில் குடலின் செரிமானத் திறனுக்குப் பங்கில்லை. கேசீன், மோர்ப்புரதம் போன்ற பால் புரதங்களை எதிரி என்று உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாக முடிவுகட்டிவிடுகிறது. ‘கொஞ்சமாகக் குடித்தால் போதும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. சிலருக்கு ஒரு வாய்கூட அதிகம்தான்.

ஒரு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பால் கொடுத்த பத்தாவது நிமிடம் வாயைச் சுற்றித் தடிப்பு, பிறகு வாந்தி. வாந்தியை மட்டும் கவனித்த வீட்டார் ‘லாக்டோஸ்தான்’ என்று முடிவுசெய்து, லாக்டோஸ் இல்லாத பாலை வாங்குகிறார்கள். அந்தப் பால் எப்படித் தயாராகிறது? சாதாரணப் பாலில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து, சர்க்கரையை குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக இனிக்கும், அவ்வளவுதான். புரதம் அப்படியே இருக்கிறது. லாக்டோஸ் ஒத்துக்காதவருக்கு அது நல்ல தீர்வு. இந்தக் குழந்தைக்கோ அதே ஆபத்து வேறு பெயரில். ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பெரும்பாலும் பயனில்லை, அதன் புரதம் பசும்பாலின் புரதத்தை அவ்வளவு ஒத்தது.

தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம் ஆகியவை லாக்டோஸால் வருவதில்லை. மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் எபிநெஃப்ரின் ஊசிதான் முதல் மருந்து. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பரிசோதனைகளும் வேறு வேறு. லாக்டோஸுக்கு, அதைக் குடிக்கவைத்து மூச்சில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று அளப்பார்கள். அலர்ஜிக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்பொருளின் அளவு, தேவைப்பட்டால் மருத்துவர் கண்ணெதிரே சிறிது சிறிதாகப் பால் கொடுத்துப் பார்ப்பது.

குழப்பம் தருவது ஒரு வகை அலர்ஜி மட்டும்தான். அதில் ஐஜிஇ சம்பந்தப்படாது, தடிப்பும் வராது. சில மணி நேரம் கழித்து வயிறுதான் பேசும். கைக்குழந்தையின் மலத்தில் ரத்தம் தெரிந்தால் லாக்டோஸ் என்று நீங்களே தீர்ப்பெழுதாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.