கன்சென்ட் ஆணையிலிருந்து காலண்டருக்கு: கன்சல்டன்ட்டா, ஸ்கிரிப்டா, நாமே படித்து எழுதும் ஷீட்டா?

எங்கள் சாயப்பட்டறை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான கன்சென்ட் புதுப்பித்து வந்தபோது பழைய கேள்வி மூன்றாவது முறையாக எழுந்தது: இதில் உள்ள நிபந்தனைகளையும் தேதிகளையும் யார் எடுத்துக் காலண்டரில் போடுவது? முதல் முறை கன்சல்டன்ட்டிடம் விட்டிருந்தோம். அடுத்த முறை நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த முறை பழைய ஆணைகளையும் புதிய ஆணைகளையும் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, வரிவரியாகப் படித்து எக்செல்லில் ஏற்றினேன். ஒரே ஒரு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் முடிவு. அதற்குக் காரணம் துல்லியம்கூட அல்ல, பராமரிப்பு.

எதைப் படிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்சென்ட் என்று ஒருமையில் பேசினாலும் கையில் இருப்பவை இரண்டு ஆணைகள். ஒன்று 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ், மற்றொன்று 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்கீழ். இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனி நிபந்தனைகள். இவற்றோடு 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வாங்கிய அங்கீகாரம் ஒன்று. ஈ.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடான ஸ்லட்ஜ், பழைய ஆயில், கெமிக்கல் வந்த காலி டிரம் எல்லாம் அதில் வரும். ஆக மூன்று கோப்புகள். முடிகிற தேதி மூன்றுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

கன்சல்டன்ட் வழியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. செலவு உண்டு, அலைச்சல் இல்லை. புதுப்பிப்பு மனுவை அவர் நன்றாகவே போட்டுத் தந்தார். ஆனால் அவர் வைத்திருந்த காலண்டரில் எங்கள் பெயருக்கு நேராக இருந்தது முடிகிற தேதி மட்டும்தான். ஆணையின் கடைசிப் பக்கத்தில் கூடுதல் நிபந்தனையாக இருந்த ஒரு மூன்று மாதக் கெடு அவர் கண்ணிலும் படவில்லை, எங்கள் கண்ணிலும் படவில்லை. ஆய்வுக்கு வந்த பொறியாளர் கேட்டபோதுதான் தெரிந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் பணம் கொடுத்தது ரினியூவலுக்கு. நிபந்தனையைக் கடைப்பிடிக்க வேண்டியவர் ஆணையில் பெயர் உள்ளவர்.

அந்தச் சூட்டில்தான் ஸ்கிரிப்டுக்குப் போனேன். ஸ்கிரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இவ்வளவுதான்:

```
pdftotext -layout water.pdf water.txt
grep -nEi "valid|within|once in|days|months|submit|furnish" water.txt
```

முதல் வரி பிடிஎஃபை எழுத்துக் கோப்பாக மாற்றும், அடுத்தது கெடுவைக் குறிக்கும் சொற்கள் உள்ள வரிகளைக் காட்டும். ஆன்லைனில் இறக்கிய பிடிஎஃப் என்றால் இது அரை நிமிடத்தில் பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதிதான் தொந்தரவு. பழைய அங்கீகார ஆணை ஸ்கேன் செய்த காகிதமாக இருந்ததால் `water.txt` போன்ற கோப்பு அதற்கு வெறுமையாக வந்தது. வெறுமையாக வந்தால் பிரச்சினை இல்லை, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கடிப்பது வேறு இரண்டு. `within thirty` என்பது ஒரு வரியிலும் `days` அடுத்த வரியிலும் விழுந்தால், `grep` இரண்டு துண்டுகளைக் காட்டுமே தவிர எதை எதற்குள் செய்யவேண்டும் என்பதைக் காட்டாது. அப்புறம், தேதியே இல்லாத நிபந்தனைகள். புகைபோக்கியில் மாதிரி எடுக்க துளையும் ஏறி நிற்க மேடையும் இருக்கவேண்டும் என்ற வரியில் நாளும் இல்லை, மாதமும் இல்லை. ஆனால் ஆய்வுக்கு வருபவர் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு பழைய எதிரி எக்செல். ஆணை தேதி 04/03/2024. அதாவது மார்ச் 4. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்ததால், ஒட்டியவுடன் அது ஏப்ரல் 3 ஆகிவிட்டது. மூன்று மாதக் கெடு ஜூன் 4இல் முடியவேண்டியது, ஷீட்டில் ஜூலை 3 என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாள் 12க்கு மேல் இருக்கும் தேதிகளை அந்த அமைப்பால் தேதியாக எடுத்துக்கொள்ள முடியாது, எழுத்தாக விட்டு இடப்பக்கம் ஒட்டி வைக்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றை நம்பாதீர்கள். இப்போது நான் மாதத்தை எழுத்தில்தான் அடிக்கிறேன்.

சரி, கையால் படிக்கும் வழி. முதல் வாசிப்பில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே பென்சிலால் ஓர் எழுத்து மட்டும் போட்டேன். மு என்றால் ஆணை முடிகிற தேதி. எ என்றால் ஏதோ ஒரு நாளிலிருந்து எண்ண வேண்டியது. நி என்றால் ஒரு நிகழ்வு நடந்தால் மட்டும் ஓடத் தொடங்குவது. எ.போ. என்றால் எப்போதும் இருக்கவேண்டியது. நான்காவது வகைதான் மிக அதிகம். காலண்டரில் அதை எந்த நாளில் போடுவது? மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டேன். ஃப்ளோ மீட்டர் பதிவேடு, புகைபோக்கி மேடை, ஸ்லட்ஜ் ஷெட்டின் கூரை, வாசலில் உள்ள அபாயகரக் கழிவுப் பலகை எல்லாம் அந்த ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

நிகழ்வு வகைக்கு நல்ல உதாரணம் ஸ்லட்ஜ். அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. இதைக் காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்புகிற நிகழ்வாகப் போட்டால் தவறு. எண்ணிக்கை தொடங்குவது மூட்டை ஷெட்டுக்குள் போன நாளில். லாரி வந்து பாதியை மட்டும் ஏற்றிச் சென்றால், மிச்சத்தில் மிகப் பழைய மூட்டையின் தேதிதான் கணக்கு. அதனால் இந்த வரிசையின் தேதியை, கழிவுக் கணக்கு எழுதும் மூன்றாம் படிவப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்கிறேன், ஆணையிலிருந்து அல்ல.

முடிகிற தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆணையில் 31 மார்ச் 2029 என்று இருந்தால் காலண்டரில் அன்றைக்கு மணி அடித்து என்ன பயன்? புதுப்பிப்புக் கட்டணம் நிலையான சொத்து மதிப்பை வைத்து வருகிறது, அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். ஆய்வக அறிக்கைகள் வேண்டும். மனு மீது முடிவெடுக்க நீர்ச் சட்டம் வாரியத்துக்கு 4 மாதம் தருகிறது. ஆகவே `=EDATE(D5,-4)` போட்டு 30 நவம்பர் 2028ஐ மனு உள்ளே போயிருக்கவேண்டிய நாளாகவும், அதற்கும் இரண்டு மாதம் முன்னால் ஒரு நாளை ஆடிட்டரிடம் பேசும் நாளாகவும் வைத்தேன். ஆணையிலேயே இதைவிட முந்தைய நாள் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும்.

ஆணையில் தேடக் கூடாத தேதிகளும் உண்டு. அபாயகரக் கழிவின் நான்காம் படிவ ஆண்டறிக்கை ஜூன் 30க்குள். சுற்றுச்சூழல் அறிக்கையான ஐந்தாம் படிவம் செப்டம்பர் 30க்குள். ஆணையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இவை விதிப்படி உண்டு. மேலே உள்ள ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் ஆணையில் இல்லாததை அது எடுத்துத் தராது.

இப்போது நான் முதலில் சொன்ன பராமரிப்புக்கு வருகிறேன். முதல் முறை தேதிகளை எடுப்பது எந்த வழியிலும் முடியும். புது ஆணை வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். எங்கள் பழைய காற்று ஆணையில் பாய்லர் புகைபோக்கி ஆய்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. புதியதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நீர் ஆணையில் புதிதாக ஒன்று: ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கும் நீர் போகும் ரிஜெக்ட் லைனில் மின்காந்த ஃப்ளோ மீட்டர் பொருத்தி, மூன்று மாதத்துக்குள் அறிக்கை தரவேண்டும். ஸ்கிரிப்ட் இரண்டு வரிகளையும் ஒழுங்காகப் பிடித்தது. ஆனால் புதியதைச் சேர்க்கத் தெரிந்த அதற்குப் பழையதை மூடத் தெரியாது. கூகுள் காலண்டரில் ஏற்கெனவே ஏற்றியிருந்த ஆறு மாத நினைவூட்டல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. புதிய சி.எஸ்.வி. கோப்பை ஏற்றியதும் புகைபோக்கிக்கு இரண்டு நினைவூட்டல்கள். எது செல்லும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கையால் எழுதிய ஷீட்டில் இதற்காகவே மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன்: ஆணை எண், பக்கமும் நிபந்தனை எண்ணும், ஆணையின் வாசகம் அப்படியே. புது ஆணை வந்ததும் பழைய ஆணை எண்ணை வைத்து ஃபில்டர் போடுகிறேன். எங்களுக்கு 43 வரிசைகள் வந்தன. ஒவ்வொன்றையும் புது ஆணையில் தேடி, கிடைத்தால் புது எண்ணை எழுதுகிறேன். கிடைக்காவிட்டால் ‘மூடப்பட்டது’ என்று தேதியிட்டு வைக்கிறேன், அழிப்பதில்லை. ஃபில்டரில் பழைய எண் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் வேலை முடிந்தது. பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று: புது ஆணையில் பென்சில் குறி இல்லாத நிபந்தனை ஏதாவது நிற்கிறதா? ஃப்ளோ மீட்டர் அப்படித்தான் கிடைத்தது. பழைய ஆணைகளுக்கு ஷீட் போட இரண்டு மாலைகள் ஆயின. புது ஆணைகளுக்கு மாற்ற ஒரு மதியம் போதுமாக இருந்தது.

ஸ்கிரிப்டை நான் தூக்கி எறியவில்லை. கையால் முடித்த பிறகு `grep` ஓட்டி, அது காட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஷீட்டில் வரிசை இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன். இந்த முறை ஒன்று மாட்டியது. பொது நிபந்தனைகளுக்கு நடுவில், எல்லாம் வழக்கமான வாசகம்தானே என்று கண்ணை ஓட்டிவிட்ட பக்கத்தில் இருந்தது அது.

இதெல்லாம் ஒரே பட்டறை, மூன்று கோப்புகள் என்ற அளவுக்குத்தான். நாலைந்து யூனிட் வைத்து, ஒன்றிரண்டுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் இருந்து, ஜூன் 1, டிசம்பர் 1 என்று அரையாண்டு அறிக்கையும் அனுப்புபவர்களுக்கு மென்பொருள் வாங்குவது கட்டுப்படியாகலாம். டெமோ பார்த்ததோடு சரி, ஓட்டிப் பார்த்ததில்லை. டெமோவில் நான் கேட்ட ஒரே கேள்வி, பழைய ஆணையின் நினைவூட்டல்களை யார் மூடுவார்கள் என்பது. ‘உங்கள் ஆள்தான் சார்’ என்றார் விற்க வந்தவர்.